கேம் கடையில் அட்வான்ஸ் கொடுத்தால் கையில் என்ன இருக்க வேண்டும்?

"எங்க ஊர்ல ஒரு கேம் கடையில, புதுசா வரப்போற கன்சோலுக்கு 10,000 ரூபா அட்வான்ஸ் கேக்குறாங்க. ரசீது கேட்டா, ஜிபே ஸ்கிரீன்ஷாட்டே போதும்ங்கிறாங்க. போதுமா? கடைசி நேரத்துல பொருள் இல்லைன்னா பணம் திரும்ப வருமா?"

போதாது. ஜிபே ஸ்கிரீன்ஷாட் உங்கள் கணக்கிலிருந்து இன்ன தேதியில் இன்னாருக்கு 10,000 ரூபாய் போனதைக் காட்டும். எந்தப் பொருளுக்கு, என்ன விலைக்கு, எந்தத் தேதிக்குள் என்று பேசிக் கொடுத்தீர்கள் என்பது அதில் இல்லை. இரண்டாவது கேள்விக்கும் நேராகவே சொல்லிவிடுகிறேன். கடை பொருளைத் தரவில்லை என்றால் கொடுத்த பணம் முழுதும் உங்களுக்குத் திரும்ப வர வேண்டும். ஆனால் எழுத்தில் தேதி இல்லாவிட்டால் "தரவில்லை" என்ற நிலைமையே வராது. "அடுத்த வாரம் வந்துரும்", "லோடு சென்னையில நிக்குது" என்று மாதக்கணக்கில் போகும். எந்தக் கடைக்காரரும் பணம் தர மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் சொல்வார். அட்வான்ஸ் சண்டைகளில் நான் பார்த்த பெரும்பாலானவை இப்படித்தான் வளர்ந்தன.

நான் கோவையில் மின்னணுப் பொருளும் கேமும் விற்கும் ஒரு கடையில் 13 வருடம் கவுன்டரிலும் பில்லிங்கிலும் இருந்தவன். அட்வான்ஸ் சீட்டு எழுதிக் கொடுத்தவனும் நான்தான், அந்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தவர்களுக்குப் பதில் சொன்னவனும் நான்தான். வக்கீல் இல்லை. சட்டம் பற்றிக் கீழே சொல்வது கடை நடத்தத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்த அளவுக்குத்தான்.

முதலில் கடைக்காரர் ஏன் அட்வான்ஸ் கேட்கிறார் என்று தெரிந்தால் எதை எழுதி வாங்க வேண்டும் என்பது தானாக விளங்கும். நம் ஊர்க் கடை நேராக நிறுவனத்திடம் சரக்கு எடுப்பதில்லை, டிஸ்ட்ரிபியூட்டரிடம் எடுக்கிறது. புது கன்சோல் வரும்போது எந்தக் கடைக்கு எத்தனை பீஸ் என்பதை டிஸ்ட்ரிபியூட்டர்தான் முடிவு செய்வார். அதற்குப் பெயர் அலாட்மென்ட். சிறு கடைக்குப் பெரும்பாலும் முழுப் பணத்தையும் கட்டினால்தான் பெட்டி வரும், எத்தனை பெட்டி என்பது வெளியீட்டுக்கு ஒன்றிரண்டு நாள் முன்புகூடத் தெரியாமல் இருக்கலாம். ஆகவே கடைக்காரர் உங்களிடம் வாங்கும் 10,000 ரூபாய்க்கு இரண்டு வேலை. ஒன்று, நீங்கள் உண்மையில் வாங்குவீர்களா என்று அவர் தெரிந்துகொள்வது. இன்னொன்று, டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கட்டும் பணத்தில் ஒரு பங்கை உங்களிடமிருந்தே திரட்டுவது. இரண்டும் நியாயம்தான். ஆனால் இதன் மறுபக்கம் என்னவென்றால், நேர்மையான கடைக்காரரே முதல் நாளில் பொருள் தருவேன் என்று உறுதி சொல்ல முடியாத நிலையில் இருக்கிறார். "கண்டிப்பா முதல் நாளே" என்று சொல்பவரிடம், "அலாட்மென்ட் உறுதியாகிவிட்டதா, எத்தனை பீஸ், என் வரிசை எண் என்ன" என்று கேளுங்கள். "எத்தனை வரும்னு தெரியாது, இதுவரை ஒன்பது பேர் கொடுத்திருக்காங்க, நீங்க பத்தாவது" என்று சொல்பவரை நான் அதிகம் நம்புவேன்.

எங்கள் கடையிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பிளேஸ்டேஷன் 5 வெளிநாடுகளில் 2020 நவம்பரில் வந்துவிட்டது. இந்தியாவில் 2021 ஜனவரி 12 அன்றுதான் முன்பதிவு திறந்தது, விற்பனை பிப்ரவரி 2. ஆன்லைனில் சில நிமிடங்களில் தீர்ந்துபோனது. அதனால் ஊர்க் கடைகளுக்குக் கூட்டம் வந்தது. நவம்பரிலிருந்தே நாங்கள் தலைக்கு 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தோம். பதினெட்டுப் பேர் கொடுத்திருந்தார்கள். முதல் தவணையில் வந்தது நான்கு பெட்டி. அதில் ஒரு கல்லூரி மாணவர் ரொக்கமாகக் கொடுத்திருந்தார், அவர் சீட்டை எழுதியது நான். "PS5 – அட்வான்ஸ் 5000" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்த கன்சோலில் இரண்டு வகை உண்டு. டிஸ்க் போடும் வகைக்கு அன்று இந்திய விலை 49,990 ரூபாய், டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டல் வகைக்கு 39,990 ரூபாய். அவர் மனதில் இருந்தது டிஜிட்டல். கடை எடுத்தது டிஸ்க் வகை. மார்ச்சில் அவர் முறை வந்து கூப்பிட்டபோது கையில் 35,000 ரூபாயோடு வந்து நின்றார். முதலாளி, "பொருள் இருக்கு, நீங்கதான் வேண்டாம்ங்கிறீங்க, அப்ப அட்வான்ஸ் போச்சு" என்றார். மாணவர், "நான் கேட்ட பொருளே இது இல்லை" என்றார். சீட்டைப் பார்த்தால் இருவர் சொல்வதும் அதில் பொருந்தும். ஆறு வாரம் அலைந்த பிறகுதான் பணம் கிடைத்தது. அந்தச் சீட்டில் நான் "டிஸ்க், 49,990" என்று இரண்டு சொல் கூட எழுதியிருந்தால் நவம்பரிலேயே அந்தக் கவுன்டரில் பேச்சு முடிந்திருக்கும். அவருடைய ஆறு வாரம் இன்னும் எனக்கு உறுத்தல்தான்.

அதற்குப் பிறகு நான் சீட்டில் சில விஷயங்களை விடாமல் எழுதினேன். நீங்கள் வாங்கும் சீட்டிலும் அவை இருக்கட்டும். முதலாவது பொருள், துல்லியமாக: எந்த கன்சோல், டிஸ்க்கா டிஜிட்டலா, எத்தனை ஜிபி அல்லது டிபி, என்ன நிறம், கூட கேம் சேர்ந்த பெட்டியா தனிப் பெட்டியா, புதுசா என்பதுவரை. கேம் என்றால் எந்த கன்சோலுக்கானது, சாதாரணப் பதிப்பா சிறப்புப் பதிப்பா, பெட்டிக்குள் டிஸ்க் இருக்குமா அல்லது டவுன்லோட் கோடு மட்டும்தானா என்பதையும் கேட்டு எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. இப்போது சில கேம்களுக்குக் கடையில் விற்கும் பெட்டியிலேயே டிஸ்க் இருக்காது, ஒரு காகிதத்தில் கோடுதான் இருக்கும். விளையாடி முடித்து விற்றுவிடலாம் என்று வாங்குபவருக்கு அது வேறு பொருள்.

இரண்டாவது விலை. அறிவிக்கப்பட்ட விலை இருந்தால் அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள், மீதி எவ்வளவு என்பதையும் சேர்த்து. விலை இன்னும் அறிவிக்கவில்லை என்றால் "பெட்டியில் உள்ள எம்ஆர்பிக்கு மேல் இல்லை" என்று எழுத வேண்டும். இதில் நடுவில் விலை மாறினால் யார் தாங்குவது என்ற கேள்வி உண்மையிலேயே வரும். 2022 நவம்பரில் அதே பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 49,990-லிருந்து 54,990 ஆனது. பழைய விலை சீட்டில் இருந்தால் அந்த விலைக்கே கேட்க உங்களுக்கு வலுவான இடம் உண்டு. ஆனால் "விலை மாற்றத்துக்கு உட்பட்டது" என்று சீட்டின் அடியில் அச்சடித்திருந்தால் அந்த இடம் பலவீனமாகிவிடும். அப்படி அச்சிருந்தால், "விலை ஏறினால் வாங்குபவர் விரும்பினால் முழு அட்வான்ஸ் திரும்ப" என்று கையால் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எம்ஆர்பி விஷயத்தில் மட்டும் எந்தச் சந்தேகமும் வேண்டாம். பெட்டியில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது சட்டமுறை எடையளவு விதிகளுக்கு விரோதம், எவ்வளவு தட்டுப்பாடு இருந்தாலும் சரி. தமிழ்நாட்டில் அந்தப் புகாரைத் தொழிலாளர் துறை எடுத்துக்கொள்ளும். அதேபோல் "கன்சோல் வேணும்னா கூட ரெண்டு கேமும் ஒரு கன்ட்ரோலரும் எடுத்தாத்தான்" என்று கடைசி நாளில் கட்டாயப்படுத்துவதும் நடக்கும். தட்டுப்பாட்டுக் காலத்தில் அது பரவலாக நடந்தது. ஒன்றை வாங்கினால்தான் மற்றதைத் தருவேன் என்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்று தனியாகவே வரையறுக்கிறது. சீட்டில் "தனி கன்சோல்" என்ற சொல் இருந்தால் அந்தப் பேச்சு கவுன்டரில் எழும்பவே எழும்பாது.

மூன்றாவது தேதி, இதுதான் நான் மேலே சொன்னபடி எல்லாவற்றிலும் முக்கியம். இரண்டு தேதி வேண்டும். எதிர்பார்க்கும் வெளியீட்டுத் தேதி ஒன்று, அதற்கு மேல் காத்திருக்க மாட்டேன் என்ற கடைசித் தேதி ஒன்று. கேம்கள் தள்ளிப்போவது சாதாரணம். சைபர்பங்க் 2077 முதலில் 2020 ஏப்ரல் 16 என்றார்கள், பிறகு செப்டம்பர் 17, பிறகு நவம்பர் 19, கடைசியில் டிசம்பர் 10-இல்தான் வந்தது. ஜிடிஏ 6 முதலில் 2025 இறுதிவாக்கில் என்றார்கள், பிறகு 2026 மே 26 என்று மாற்றி, அதையும் 2026 நவம்பர் 19 ஆக்கினார்கள். 2025 தொடக்கத்தில் யாராவது ஒரு கடையில் அதற்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அந்தப் பணம் ஒரு வருடத்துக்கு மேல் கடைக்காரரின் கல்லாவில் இருக்கும். இதில் கடைக்காரர் தவறு எதுவும் இல்லை, உங்கள் தவறும் இல்லை. பணம் மட்டும் முடங்கிக் கிடக்கும். ஆகவே "இன்ன தேதிக்குள் பொருள் தராவிட்டால், காரணம் எதுவானாலும், கேட்ட 7 நாளில் முழு அட்வான்ஸ் திரும்ப" என்ற வரி இருக்க வேண்டும். "காரணம் எதுவானாலும்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். நிறுவனம் தள்ளிப்போட்டது, டிஸ்ட்ரிபியூட்டர் தரவில்லை, லாரி வரவில்லை என்ற மூன்று பதிலுக்கும் அந்த ஒரு சொல் போதும். என் அனுபவத்தில், வெளியீட்டுத் தேதியே அறிவிக்காத கேமுக்கு அட்வான்ஸ் கொடுக்கத் தேவையே இல்லை.

நான்காவது, நீங்களே மனம் மாறினால் என்ன. இங்கேதான் சட்டத்தில் தெளிவு குறைவு. நம் பேச்சில் முன்பணம், அச்சாரம் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம். நீதிமன்றங்கள் பிரித்துப் பார்க்கும். விலையின் ஒரு பகுதியை முன்னதாகக் கொடுத்தால் அது முன்பணம், பேரம் முறிந்தால் அதைத் திருப்பித் தர வேண்டும். பேச்சை மீற மாட்டேன் என்பதற்குப் பிணையாகக் கொடுப்பது அச்சாரம், கொடுத்தவர் பின்வாங்கினால் நியாயமான அளவு அச்சாரம் போய்விடலாம். உங்கள் 10,000 ரூபாய் எது என்பதை சீட்டின் சொற்கள்தான் தீர்மானிக்கும். அதனால் "விலையில் கழித்துக்கொள்ளும் முன்பணம்" என்று எழுதச் சொல்லுங்கள். நீங்கள் வேண்டாம் என்றால் கடை 500 ரூபாய் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு தொகையை இருவரும் முன்னமே ஒத்துக்கொள்வதுகூட நல்லது. தட்டுப்பாட்டில் இருக்கும் கன்சோலை நீங்கள் விட்டால் அடுத்த நிமிடம் இன்னொருவர் எடுத்துக்கொள்வார், கடைக்கு நஷ்டம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் உங்களுக்காகவே வரவழைத்த சிறப்புப் பதிப்பு என்றால் கதை வேறு, அது விற்காமல் அலமாரியில் வருடக்கணக்கில் தூங்கும். அங்கே கடைக்காரர் கொஞ்சம் அதிகமாகப் பிடிப்பதில் நியாயம் உண்டு.

சீட்டின் வடிவம் பற்றி. ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை முன்பணம் வாங்கினால் அதற்கு ரசீது வவுச்சர் என்று ஒன்று தர வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டத்திலேயே இருக்கிறது. கடையின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், வரிசை எண், தேதி, உங்கள் பெயர், பொருள் விவரம், தொகை எல்லாம் அதில் வரும். பில் போடும் மென்பொருளில் அது ஏற்கெனவே இருக்கும், இரண்டு நிமிட வேலை. "இப்பவே ரசீது போட்டா ஜிஎஸ்டி கட்டணும் சார்" என்று சில கடைக்காரர்கள் சொல்வார்கள். 2017 நவம்பரிலிருந்து சரக்குக்கு வாங்கும் முன்பணத்துக்கு அந்த நேரத்தில் வரி கட்ட வேண்டியதில்லை, பொருளுக்கு இன்வாய்ஸ் போடும்போதுதான். ஆகவே அது காரணம் ஆகாது. அவர் உண்மையிலேயே அப்படி நம்பிக்கொண்டிருக்கலாம், அதனால் சண்டையாகச் சொல்லாமல் அவருடைய ஆடிட்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். பதிவு இல்லாத சிறு கடை என்றால் கடையின் பெயர் அச்சிட்ட தாளில் கையால் எழுதி, கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் போட்டாலே போதும். ரொக்கமாக 5,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து வாங்குங்கள்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பலர் இதில் ஏமாந்திருக்கிறார்கள்: பில் மெஷினில் வரும் வழவழப்பான தாள் வெயிலிலும் பர்ஸ் சூட்டிலும் சில மாதங்களில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். வாங்கிய அன்றே கவுன்டரில் நின்றபடி போட்டோ எடுத்து, அந்தப் படத்தை உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

இனி பணம் யாருக்குப் போகிறது என்பது. கியூஆர் ஸ்கேன் செய்ததும் பணம் அனுப்பும் முன்பே திரையில் ஒரு பெயர் வரும். அது கடையின் பெயரா, முதலாளியின் பெயரா, அல்லது சீட்டிலேயே இல்லாத மூன்றாமவர் பெயரா என்று பாருங்கள். சீட்டில் ஜிஎஸ்டி எண் இருந்தால் `gst.gov.in` தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவு என்று காட்டும், தமிழ்நாட்டுக் கடை என்றால் எண் 33 என்று தொடங்கும். பெயர்கள் ஒத்துப்போனால் சரி. "கடை கியூஆர் வேலை செய்யல, என் நம்பருக்கு அனுப்பிருங்க" என்று கவுன்டர் பையன் சொன்னால் அனுப்பாதீர்கள். எங்கள் கடையிலேயே இல்லாவிட்டாலும் பக்கத்தில் ஒரு கடையில் இப்படி ஏழெட்டுப் பேரிடம் வாங்கிக்கொண்டு ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார். முதலாளி "என்கிட்ட பணம் வரலையே" என்றார். கடையில் வைத்து கடை ஆள் வாங்கிய பணத்துக்குக் கடைதான் பொறுப்பு என்று வாதிட முடியும். ஆனால் கடையின் தாளில் சீட்டு இருந்தவர்களுக்கு அந்த வாதமே தேவைப்படவில்லை, முதலாளி கொடுத்துவிட்டார். ஸ்கிரீன்ஷாட் மட்டும் வைத்திருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

யுபிஐயில் அனுப்பிய பணத்தை நீங்களாகத் திரும்ப இழுக்க முடியாது. கிரெடிட் கார்டில் கொடுத்தால், பொருள் வரவில்லை என்று கார்டு கொடுத்த வங்கியிடம் தகராறு எழுப்பும் வழி ஒன்று கூடுதலாக உண்டு. அங்கேயும் வங்கி முதலில் கேட்பது "எந்தத் தேதிக்குள் தருவதாகச் சொன்னார்கள்" என்பதைத்தான். மறுபடியும் அந்தச் சீட்டுத் தேதிக்கே வந்து நிற்கிறோம்.

எவ்வளவு கொடுக்கலாம் என்று விதி எதுவும் இல்லை, இது என் கணிப்பு மட்டும். கேமுக்கு 500 முதல் 1,000 ரூபாய், கன்சோலுக்கு விலையில் பத்தில் ஒரு பங்கு. 50,000 ரூபாய்ப் பொருளுக்கு 10,000 என்பது ஐந்தில் ஒரு பங்கு, கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அதற்காகவே சந்தேகப்பட வேண்டியதில்லை. பாதிக்கு மேல் கேட்டால் உங்கள் பணத்தில் அவர் வியாபாரம் ஓடுகிறது என்று அர்த்தம், நான் கொடுக்க மாட்டேன். நின்டென்டோ கன்சோல் என்றால் இன்னும் குறைவாகக் கொடுங்கள். அது இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வருவதில்லை, கடையில் இருப்பது வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்தது. வாரண்டி கடை தருவது மட்டும்தான், அது எத்தனை மாதம் என்பதும் சீட்டில் வர வேண்டும்.

கடைக்காரர் எழுதவே மாட்டேன் என்றால், அதுவும் தெரிந்தவர், முகத்தை முறிக்க முடியாது என்றால், வாட்ஸ்அப் இருக்கிறது. கடையின் எண்ணுக்கு நீங்களே எல்லா விவரத்தையும் எழுதி அனுப்பி, பதில் வாங்கிவிட்டு, அதன் பிறகு பணம் அனுப்புங்கள். நீங்கள் எழுதியது மட்டும் இருந்தால் அது உங்கள் தரப்புப் பேச்சு. அவர் "ஓகே" என்று ஒரு சொல் போட்டுவிட்டால் இருவர் பேச்சு. பணம் அனுப்பும்போது குறிப்புப் பகுதியிலும் "கன்சோல் முன்பணம்" என்று போடுங்கள். அந்த அரட்டையில் தானாக மறையும் செய்தி வசதி இயங்குகிறதா என்று பார்த்து நிறுத்திவிடுங்கள். போன் மாற்றும் முன் அந்த அரட்டையை ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனி ஸ்கிரீன்ஷாட்டை விட முழு அரட்டைக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் முன்னும் பின்னும் என்ன பேசினீர்கள் என்பதும் அதில் இருக்கும்.

இவ்வளவும் செய்தும் கடைசித் தேதி தாண்டி பணம் வரவில்லை என்றால், முதலில் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பிலும் பதிவுத் தபாலிலும் சீட்டு எண், தேதி, தொகை குறிப்பிட்டு, 15 நாளில் தர வேண்டும் என்று. போனில் பத்து முறை கேட்டது எங்கும் நிற்காது. அடுத்து 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அவர்கள் கடைக்குப் புகாரை அனுப்பிப் பேசிப் பார்ப்பார்கள், உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பெரிய நிறுவனங்களிடம் அது நன்றாகவே பலிக்கிறது. சிறு கடைக்காரர் பதிலே சொல்லாமல் விடவும் கூடும். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, `e-jagriti.gov.in` தளத்திலேயே மனு போடலாம், பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். வழக்கு எவ்வளவு மாதம் இழுக்கும் என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், 10,000 ரூபாய்க்கு அந்த அலைச்சல் தேவையா என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும். ஆனால் ஆணையத்தின் நோட்டீஸ் கைக்கு வந்ததும் பணம் கொடுத்துவிட்ட கடைகள் உண்டு. காவல் நிலையத்தில் ஒருவர் மட்டும் போனால் "இது சிவில் விவகாரம்" என்று அனுப்பிவிடும் வாய்ப்பே அதிகம். பலரிடம் வாங்கிக்கொண்டு கடையையே பூட்டிவிட்டுப் போனால் மட்டும் தயங்காமல் எல்லோரும் சேர்ந்து போங்கள், அது மோசடி.

பொருள் வந்த நாளில் ஒரு எச்சரிக்கை. அட்வான்ஸ் சீட்டைக் கொடுத்தால்தான் பெட்டி என்று கேட்பார்கள், அது வழக்கம்தான். முதலில் பில் போடச் சொல்லுங்கள். பில்லில் முழு விலை, அதில் கழித்த முன்பணம், நீங்கள் இன்று கொடுத்த மீதி மூன்றும் வர வேண்டும். மீதித் தொகைக்கு மட்டும் பில் போட்டால், நாளை வாரண்டிக்கோ திரும்பக் கொடுக்கவோ போனால் அந்தக் குறைந்த தொகைதான் உங்கள் விலை என்று ஆகிவிடும். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வாரண்டி அந்த பில் தேதியிலிருந்துதான் ஓடும், அட்வான்ஸ் சீட்டு தேதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதெல்லாம் சரியாக இருந்தால் சீட்டைக் கொடுத்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வரலாம்.

உங்கள் விஷயத்துக்கு, நாளை கடைக்காரருக்கு அனுப்ப வேண்டியதை நானே எழுதித் தருகிறேன், கோடிட்ட இடங்களை நிரப்பிக்கொள்ளுங்கள்: "அண்ணா, நேத்து பேசினபடி ____ கன்சோல், டிஸ்க் மாடல், புதுசு, தனிப் பெட்டி, விலை ____ ரூபாய். முன்பணம் 10,000, மீதி ____ பொருள் வாங்கும்போது. என் வரிசை எண் ____. ____ தேதிக்குள்ள எந்தக் காரணத்தால பொருள் வரலைன்னாலும், நான் கேட்ட 7 நாள்ல முழு 10,000-மும் திரும்ப. நானா வேண்டாம்னு சொன்னா 500 பிடிச்சுக்கலாம். சரின்னா ஓகே போடுங்க, உடனே கடை கியூஆருக்கு அனுப்பிடறேன்."